கணக்கு இலக்கம் நாணயத்தைச் சொல்லாது



இந்த முறை எபிசோட்டில் காசு அனுப்புகிற ஆப்களைப் பற்றிக் கதைக்கும்போது, "எனக்கு ஒருக்கா ஆயிரம் பவுண் போய்த் திரும்பி வந்தது, அதைப் பிறகு எழுதுறன்" எண்டு சொல்லிவிட்டுத் தப்பினேன். அந்தக் கதைதான் இது. யாரும் கள்ளம் செய்யவில்லை, பெயரிலோ இலக்கத்திலோ ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. ஆனாலும் காசு இரண்டு தரம் திரும்பி வந்தது.

விஷயம் இதுதான். சுன்னாகத்தில் இருக்கிற மாமியின் மகளுக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்தது. இடத்தை உறுதி செய்ய 1,200 டொலர் முற்பணம் கட்டவேணும், அதற்கு இருபது நாள் தவணை. அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் சேர்ந்து ஆயிரம் பவுண் சேர்த்தோம். அப்பா குரோய்டன் லண்டன் ரோட்டில் உள்ள கடையில் கொண்டுபோய்க் கட்டுவோம் என்றார். "அதெல்லாம் பழைய காலம் அப்பா, நான் ஃபோனில அனுப்புறன்" என்று சொன்னது நான். கம்ப்யூட்டர் படித்தவன், வேறு என்ன சொல்வேன்?

மாமி வட்ஸ்அப்பில் அனுப்பிய கணக்கு இலக்கத்தை ஆப்பில் போட்டேன். ஆப் நல்ல ரேட் காட்டியது. ஈஸ்ட் குரோய்டனில் ரயிலுக்கு நின்றபடியே அனுப்பி முடித்தேன். நாலாம் நாள் ஆயிரம் பவுணும் என் கணக்குக்கே திரும்பி வந்தது. காரணம் என்று ஒரு வரி: பெறுநர் வங்கி ஏற்கவில்லை.

மாமிக்கு எடுத்தேன்.

"ஏன் தம்பி, காசு இன்னும் வரேல்லை?"

"திரும்பி வந்திட்டுது மாமி. நீங்கள் தந்த இலக்கம் சரிதானே?"

"புத்தகத்தைப் பாத்துத்தான் தந்தனான். டொலர் எக்கவுண்ட் இலக்கம்."

டொலர் எக்கவுண்ட்! அந்த இரண்டு சொல்லில்தான் முழுப் பிரச்சினையும் இருந்தது. ஆனால் அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

மாமிக்கு ஏன் டொலர் கணக்கு

2022 மார்ச் தொடக்கம் வரை இலங்கையில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயில் கட்டிப்பிடித்து வைக்கப்பட்டிருந்தது. மார்ச் 7 அன்று மத்திய வங்கி பிடியைத் தளர்த்தியது. மே நடுப்பகுதியில் அது 360 ரூபாயளவுக்குப் போய்விட்டது. ஆயிரம் டொலரை மார்ச் தொடக்கத்தில் ரூபாயாக மாற்றியவருக்குக் கிடைத்தது சுமார் இரண்டு லட்சம். மாற்றாமல் வைத்திருந்தவரிடம் இரண்டு மாதத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல் பெறுமதி இருந்தது. மாமி முதல் வகை. அதற்குப் பிறகுதான் வங்கிக்குப் போய் ஒரு வெளிநாட்டு நாணயக் கணக்குத் திறந்தவ.

இலங்கையில் இதற்குப் பெயர் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு. வங்கியில் சுருக்கமாகப் பிஎஃப்சிஏ என்பார்கள். 2017ஆம் ஆண்டு 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தோடு பழைய என்ஆர்எஃப்சி கணக்குகள் இந்த வகைக்குள் வந்தன. டொலரிலோ பவுணிலோ யூரோவிலோ வைத்திருக்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிற காசு மாறாமல் அப்படியே கிடக்கும். கல்விக் கட்டணம்போல வெளிநாட்டுக்குக் கட்டவேண்டியதையும் அதிலிருந்தே கட்டலாம். மச்சாளின் முற்பணத்துக்குப் பொருத்தமான கணக்குத்தான்.

இலக்கத்தில் என்ன எழுதியிருக்கு?

உங்கள் சொந்த ஐபான் இலக்கத்தை எடுத்துப் பாருங்கள். பிரித்தானிய ஐபானில் 22 எழுத்துகள் இருக்கும்.

```
GB kk BBBB SSSSSS AAAAAAAA
```

முதலில் நாடு, பிறகு சரிபார்ப்பு இலக்கம் இரண்டு, வங்கியின் குறி நாலெழுத்து, ஆறு இலக்க சோர்ட் கோட், எட்டு இலக்கக் கணக்கு எண். அவ்வளவுதான். இது பவுண் கணக்கா, யூரோக் கணக்கா என்று சொல்ல ஒரு எழுத்துக்கூட அதில் இல்லை. இலங்கையில் ஐபானே கிடையாது. வங்கியின் ஸ்விஃப்ட் குறியும் கணக்கு இலக்கமும் மட்டும்தான் கொடுப்போம். அதிலும் நாணயம் இல்லை.

ஆகவே அனுப்புகிற பக்கத்துக்குப் பெறுகிற கணக்கின் நாணயம் தெரியாது. அது பெறுகிற வங்கியின் சொந்தப் பேரேட்டில்தான் இருக்கும். காசு அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் "வந்தது இந்த நாணயம், கணக்கு அந்த நாணயம்" என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். என் ஆப் முன்கூட்டியே எச்சரிக்கவில்லை என்று எனக்குக் கோபம் வந்தது. உண்மையில் எச்சரிக்க அதனிடம் தகவலே இல்லை.

முதல் தரம் ஏன் திரும்பியது

ஆப் என்ன செய்தது என்று பார்ப்போம். நான் கொடுத்த பவுணை அது லண்டனிலேயே வாங்கிக்கொண்டது. இலங்கையில் அதனுடைய கூட்டாளி வங்கியிடம் ஏற்கனவே ரூபாய் கிடக்கிறது. அந்தக் கூட்டாளி, உள்ளூர்க் கட்டணப் பாதை வழியாக மாமியின் வங்கிக்கு ரூபாயை அனுப்பியது. லங்காபே நிறுவனம் நடத்துகிற செஃப்ட்ஸ் அப்படி ஒரு பாதை. சில நிமிடத்தில் போய்ச் சேரும், ஆனால் ரூபாய்தான் போகும். நம்முடைய ஃபாஸ்டர் பேமென்ட்ஸ் பாதையில் பவுண் மட்டும் ஓடுகிறமாதிரி.

மாமியின் வங்கி கண்டது என்ன? உள்நாட்டுக்குள்ளே இருந்து, ரூபாயாக வந்த ஒரு தொகை. போகவேண்டிய இடமோ டொலர் கணக்கு. அந்தக் கணக்குக்குள் எதைப் போடலாம் என்பதற்குச் சட்டத்தின் கீழ் ஒரு பட்டியல் உண்டு: வெளிநாட்டிலிருந்து வெளிநாட்டு நாணயமாக வந்த காசு, இன்னொரு வெளிநாட்டு நாணயக் கணக்கிலிருந்து மாற்றிய காசு, அந்தக் கணக்கின் வட்டி என்று அது போகும். உள்ளூர் ரூபாயைக் கொண்டுவந்து டொலராக்கிப் போடுவது அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ரூபாயின் பின்னால் குரோய்டனில் உழைத்த பவுண் இருக்கிறது என்று வங்கிக்குத் தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை. ரூபாயாக மாறி உள்ளே வந்த கணமே அது உள்ளூர்க் காசு.

இதிலே ஒரு ஒருவழிக் கதவு இருக்கிறது. பவுணோ டொலரோ இலங்கை ரூபாய்க் கணக்கு ஒன்றுக்குப் போனால் வங்கி அதைத் தன்னுடைய வாங்கும் ரேட்டில் மாற்றி வரவு வைத்துவிடும், வழமையாக ஒரு கேள்வியும் வராது. ரூபாய் டொலர் கணக்குக்குப் போனால் கதவு பூட்டு. டொலருக்குத் தட்டுப்பாடு வந்த நாடு, டொலர் உள்ளே வருவதை இலகுவாக்கி, ரூபாய் டொலராக மாறுவதைத்தான் கட்டுப்படுத்தும். அதனால்தான் சித்தப்பா பத்து வருசமாக அதே ஆப்பில் தன் நண்பர்களுக்கு அனுப்பியும் ஒரு தரமும் திரும்பவில்லை. அவர்கள் எல்லாருக்கும் ரூபாய்க் கணக்கு.

நல்ல காலம், அந்த ஆப் ரூபாயைத் தன் சொந்தக் குளத்திலிருந்து கொடுத்தபடியால், திரும்பியபோது என் ஆயிரம் பவுணையும் முழுசாகத் தந்துவிட்டது. நாலு நாள் மட்டும் நட்டம்.

இரண்டாம் தரம்: இன்னும் கெட்டித்தனம்

"ஆப் சரிவராது, ஸ்விஃப்டில் அனுப்புவோம்" என்று முடிவெடுத்து என் வங்கியின் இணையத்தளத்துக்குப் போனேன். வெளிநாட்டுக் கட்டணப் படிவம். நாடு: ஸ்ரீலங்கா. தொகை: ஆயிரம் பவுண். பெயர், இலக்கம், ஸ்விஃப்ட் குறி எல்லாம் போட்டு அனுப்பினேன். நான் கவனிக்காத ஒரு சின்னப் பெட்டி அதில் இருந்தது: எந்த நாணயத்தில் போகவேணும். நாட்டைத் தெரிவுசெய்தவுடன் படிவம் தானாகவே `LKR` என்று நிரப்பிவிட்டது. பல வங்கிகளின் படிவங்கள் இப்படித்தான், போகிற நாட்டின் நாணயத்தையே முன்வைக்கும்.

ஆகவே என் பவுண் லண்டனிலேயே ரூபாயாக மாறிவிட்டது. போன செய்தியின் உள்ளே இப்படி இருந்திருக்கும். விளங்குவதற்காக எண்களை உருண்டையாக்கியிருக்கிறேன்.

```
<IntrBkSttlmAmt Ccy="LKR">384000.00</IntrBkSttlmAmt>
<InstdAmt Ccy="GBP">1000.00</InstdAmt>
<XchgRate>384</XchgRate>
<ChrgBr>SHAR</ChrgBr>
```

இது `pacs.008` என்கிற செய்தி. முன்பு `MT103` என்று இருந்தது. 2025 நவம்பர் 22க்குப் பிறகு எல்லை கடந்த கட்டணங்களுக்கு வங்கிகள் இந்தப் புதிய வடிவத்தைத்தான் பயன்படுத்துகின்றன. இதில் பார்க்கவேண்டியது இரண்டு வரி. `InstdAmt` என்பது நான் சொன்ன தொகை, பவுணில். `IntrBkSttlmAmt` என்பது வங்கிகளுக்கிடையே உண்மையாகக் கைமாறுகிற தொகை. அது ரூபாயில். இரண்டு வரியிலும் நாணயம் வேறாக இருந்தால், மாற்றம் ஏற்கனவே நடந்துவிட்டது என்று அர்த்தம். யார் மாற்றியது? எனக்கு அதைத் தந்த வங்கி, தன்னுடைய ரேட்டில்.

மாமியின் வங்கி பழையபடி பார்த்தது. பாதை வேறு, ஆனால் வந்தது அதே ரூபாய். கணக்கு அதே டொலர். திருப்பி அனுப்பியது.

இந்த முறை ஆப் மாதிரி இல்லை, நட்டம் வந்தது. ஸ்விஃப்டில் திருப்புவது "அன்டூ" அழுத்துவது மாதிரி அல்ல. அது எதிர்த்திசையில் போகிற புதிய ஒரு கட்டணம், `pacs.004` என்று தனிச் செய்தி. வழியில் 2,000 ரூபாய் கழிந்து 382,000 ரூபாய் திரும்பியது. என் வங்கி அதை அன்றைய ரேட்டில் பவுணாக்கியது. ஆனால் ரூபாயை எனக்கு விற்ற ரேட் 384, என்னிடமிருந்து திருப்பி வாங்கிய ரேட் 397. கணக்குப் போட்டால் 962 பவுண். பதினொரு நாளும் 38 பவுணும் போய்விட்டன. மேலதிகமாக அனுப்பும் கட்டணம் வேறு.

திரும்புகிற செய்தியில் காரணக் குறி ஒன்று இருக்கும். `AM03` என்றால் அந்த நாணயம் அனுமதியில்லை. `AC11` என்றால் பெறுநர் கணக்கின் நாணயம் பொருந்தவில்லை. இவை வந்தால் கையோடு விளங்கிவிடும். ஆனால் பல தரம் `MS03` என்றுதான் வரும், அதாவது காரணம் குறிப்பிடவில்லை. வாடிக்கையாளர் சேவையில் இருக்கிறவர் அதைப் பார்த்துவிட்டு "இலக்கத்தைச் சரிபாருங்கோ" என்பார். இலக்கம் சரி, பெயர் சரி, கணக்கும் உயிரோடு இருக்கிறது என்றால், அடுத்ததாகச் சந்தேகப்படவேண்டியது நாணயத்தைத்தான்.

பவுணாகவே அனுப்பியிருந்தால்?

தவணைக்கு ஐந்து நாள் இருந்தது. மாமி தினமும் ஒருக்கா எடுத்தா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, லண்டன் ரோட் கடையைப் பற்றியும் சொல்லவில்லை. அதுதான் கூடச் சுட்டது. இந்த முறை அனுப்பமுதல் இருந்து யோசித்தேன்.

ஒரு வழி, பவுணைப் பவுணாகவே ஸ்விஃப்டில் அனுப்புவது. அது திரும்பாது. வெளிநாட்டு நாணயமாகத்தானே வருகிறது. கொழும்பில் தலைமையகம் உள்ள ஒரு வங்கிக்கு லண்டனில் இன்னொரு வங்கியிடம் பவுண் கணக்கு இருக்கும், நொஸ்ட்ரோ கணக்கு என்பார்கள். உண்மையில் பவுண் கடல் கடப்பதே இல்லை. லண்டனில் அந்தக் கணக்கில் ஆயிரம் கூடும், செய்தி மட்டும் கொழும்புக்குப் போகும். பிறகு அவர்கள் பவுணை டொலராக்கி மாமியின் கணக்கில் போடுவார்கள்.

ஆனால் அந்த மாற்றம் பெரும்பாலும் ரூபாய் வழியாகக் கணக்கிடப்படும். உருண்டை எண்களில் பார்ப்போம். சந்தையில் நடு ரேட் ஒரு பவுணுக்கு 390 ரூபாய், ஒரு டொலருக்கு 300 ரூபாய் என்று வைப்போம். அப்படியென்றால் ஒரு பவுண் 1.30 டொலர், ஆயிரம் பவுண் 1,300 டொலர். வங்கி பவுணை 380க்கு வாங்கும்: 380,000 ரூபாய். டொலரை 304க்கு விற்கும்: 1,250 டொலர். பவுணை வாங்கும்போது ஒரு வெட்டு, டொலரை விற்கும்போது இன்னொரு வெட்டு. ஐம்பது டொலர் போகிறது, ஆனால் "கட்டணம்" என்று எந்த ரசீதிலும் அது இருக்காது.

இரண்டாவது வழி, லண்டனிலேயே பவுணை டொலராக்கி, டொலராக அனுப்புவது. ரேட் 1.29 கிடைத்தால் 1,290 டொலர். டொலர்க் கட்டணம் பெரும்பாலும் நியூயோர்க்கில் உள்ள ஒரு இடைத்தரகு வங்கி வழியாகத்தான் போகும், அது வழியில் 20 டொலர் கழிக்கலாம். 1,270 டொலர் போய்ச் சேரும். அந்த இடைவெட்டு எனக்கு முக்கியம். ஏனென்றால் பல்கலைக்கழகத்துக்கு 1,200 குறையக்கூடாது. வெட்டே விழக்கூடாது என்றால் கட்டணங்களை அனுப்புபவரே ஏற்கும் முறையைத் தெரிவுசெய்யலாம். செய்தியில் அது `DEBT`, பழைய பெயர் `OUR`. எனக்கு இடம் இருந்தபடியால் `SHAR` இலேயே விட்டேன்.

குறைந்த 38 பவுணை என் கையிலிருந்து போட்டு, நாணயப் பெட்டியில் `USD` என்று மாற்றி, இரண்டு தரம் பார்த்துவிட்டு அனுப்பினேன். இந்த முறை `IntrBkSttlmAmt` வரியிலும் மாமியின் கணக்கிலும் ஒரே நாணயம். இடையில் யாரும் மாற்றவேண்டிய தேவையே இல்லை. இரண்டாம் நாள் மாமியிடமிருந்து குரல் செய்தி: "தம்பி, ஆயிரத்து இருநூற்றி எழுபது விழுந்திருக்கு." மூன்று நாள் மிச்சம் வைத்து மச்சாள் முற்பணத்தைக் கட்டினா.

பாரிஸிலிருந்து வருகிற காசும் அப்படித்தான்

இது இலங்கைக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. பாரிஸில் இருக்கிற உங்கள் மச்சான் குரோய்டன் கணக்குக்கு 500 யூரோ போடுகிறார் என்று வையுங்கள். பிரெக்சிட்டுக்குப் பிறகும் பிரித்தானியா செபா வலயத்துக்குள்தான் இருக்கிறது. ஆகவே அவருடைய வங்கி உங்கள் `GB` ஐபானை ஏற்கும். செபாவில் யூரோ மட்டும்தான் ஓடும். உங்கள் கணக்கோ பவுண். இங்கே சட்டக் கதவு ஒன்றும் பூட்டியில்லை. பெரும்பாலும் உங்கள் வங்கி தன் ரேட்டில் மாற்றி வரவு வைக்கும். ஆனால் உங்கள் கணக்கு யூரோவை ஏற்கிற வகையாக இல்லாவிட்டால் அது மச்சானுக்கே திரும்பும். யூரோவாகவே திரும்புகிறபடியால் அவருக்கு மாற்று நட்டம் இருக்காது. என் 38 பவுணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்: மாறமுதல் திரும்பினால் நட்டம் குறைவு, மாறினபிறகு திரும்பினால் இரண்டு பக்க ரேட்டும் உங்களை வெட்டும்.

தமிழ்நாட்டுக்கு அனுப்புகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். என்ஆர்இ கணக்கு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கானது என்றாலும் அது ரூபாய்க் கணக்கு. பவுண் போனால் ரூபாயாகிவிடும். பவுணாகவோ டொலராகவோ கிடக்கவேணும் என்றால் அது எஃப்சிஎன்ஆர் வைப்பு. பெயரில் "வெளிநாட்டில் வசிப்பவர்" என்று இருப்பதால் நாணயமும் வெளிநாட்டினது என்று நினைக்கவேண்டாம்.

அனுப்பமுதல் கேட்க இரண்டு கேள்வி

ஊரில் இருப்பவரிடம்: "புத்தகத்தில முதல் பக்கத்தில என்ன நாணயம் எண்டு போட்டிருக்கு?" கணக்கு இலக்கத்தை மட்டும் அல்ல, அந்தப் பக்கத்தையே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஆப்பிடமோ வங்கியிடமோ: "அங்கே போய் இறங்கும்போது இது என்ன நாணயமாக இருக்கும்?" இரண்டு பதிலும் ஒன்றாக இருந்தால் அனுப்புங்கள். வேறாக இருந்தால், யார் மாற்றுவார்கள், என்ன ரேட்டில், அல்லது திருப்பிவிடுவார்களா என்று அறிந்தபிறகு அனுப்புங்கள். இலங்கை டொலர் கணக்கு என்றால் இரண்டாவது பதில் "ரூபாய்" என்று வரவே கூடாது.

அனுப்பியபிறகு சிக்கல் வந்தால் வங்கியிடம் யூஇடிஆர் இலக்கத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு ஸ்விஃப்ட் கட்டணத்துக்கும் உள்ள 36 எழுத்துத் தடம் அது. அதை வைத்து மாமி தன் வங்கியில் கேட்கலாம், காசு எந்த வங்கியில் நிற்கிறது என்று அவர்களால் தேடமுடியும்.

போன கிழமை அப்பா வேறொரு அலுவலுக்குக் காசு அனுப்பவேணும் என்றார். ஃபோனை எடுத்து என்னிடம் நீட்டமுதல் மாமிக்கு எடுத்து ஒரு கேள்வி கேட்டார்: "தங்கச்சி, இது ரூபாய்ப் புத்தகமோ, டொலர்ப் புத்தகமோ?"

அடுத்த எபிசோட்டில் சந்திப்போம்.